அளவு ஒரு பைட்கூடப் பிசகவில்லை, ஆனால் நடுவில் 160 படங்கள் திறக்கவில்லை: 32 துண்டாக அனுப்பிய 7z

வெள்ளவத்தை வாணி · செவ்வாய், இரவு 9.40

அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் விட்டுப்போன நெகட்டிவ்களை எல்லாம் ஸ்கேன் செய்து முடிக்க எனக்கு ஒன்றரை வருடம் போயிற்று. மொத்தம் 1240 டிஃப் படங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 எம்பி. இதில் ஒரு பிரதி ரொறன்ரோவில் இருக்கும் தம்பியிடமும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்.

நாங்கள் பாவிக்கும் இடத்தில் 2 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது. ஆகவே செவன்ஸிப்பில் Store வைத்து (டிஃப் படங்களைச் சுருக்கிப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் குறையவில்லை), துண்டின் அளவு 1900m என்று கொடுத்தேன். neg.7z.001 முதல் neg.7z.032 வரை வந்தது. இரவு டேட்டாவில் ஐந்து இரவுகள் ஏற்றினேன்.

தம்பி எல்லாவற்றையும் இறக்கி ஒன்றாக இணைத்தான். இணைத்த ஃபைல் 62,179,352,576 பைட். என் பக்கத்தில் 32 துண்டுகளையும் கூட்டினாலும் அதே எண்தான் வருகிறது. திறந்தால் 1240 பெயர்களும் வரிசையாகத் தெரிகின்றன. ஆனால் பிரித்தெடுக்கும்போது neg_0517.tif இலிருந்து neg_0676.tif வரை எல்லாம் CRC Failed. அப்புறம் neg_0871.tif மட்டும் தனியாக ஒன்று. மற்றவை எல்லாம் நன்றாகத் திறக்கின்றன. என்னிடம் உள்ள துண்டுகளை Test கொடுத்துப் பார்த்தேன், ஒரு பிழையும் சொல்லவில்லை.

62 ஜிபியையும் மறுபடி ஏற்றத்தான் வேண்டுமா? இன்னும் ஐந்து இரவுகள் முழித்திருக்க என்னால் முடியாது.

கொட்டாஞ்சேனைக்காரன் · இரவு 10.05

அக்கா, அளவு பைட் கணக்கில் ஒன்றாக இருந்தால் இணைத்தது சரி என்றுதான் அர்த்தம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அப்படியானால் ஏற்றும்போதோ இறக்கும்போதோ நடுவில் நாலைந்து துண்டுகள் கெட்டிருக்கின்றன. நான் என்றால் 014 இலிருந்து 018 வரை மறுபடி ஏற்றிவிடுவேன். Test என்று ஒன்று செவன்ஸிப்பிலேயே இருக்கிறது, CRC அதற்குள்ளேயே இருக்கிறது, அதனால் ஹாஷ் அது இது என்று யாராவது சொன்னால் அதற்காக அலைய வேண்டாம்.

தெஹிவளை அங்கிள் · இரவு 10.20

பிள்ளை, 50 எம்பி படத்தை 2 ஜிபி துண்டாக ஏன் வெட்டினீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. படம் ஒவ்வொன்றும் தனித்தனியாக 50 எம்பிதானே, அப்படியே அனுப்பினாலே ஏறும். வெட்டினால் படத்தின் பாதி ஒரு துண்டிலும் மீதி அடுத்த துண்டிலும் போய்விடும், அதுதான் திறக்கவில்லை போலிருக்கிறது.

சுழியம் · இரவு 11.15

வாணி, ஒன்றையும் மறுபடி ஏற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் கொடுத்த எண்களே பாதி விடையைச் சொல்கின்றன.

1900m என்றால் ஒரு துண்டு 1900 × 1,048,576, அதாவது 1,992,294,400 பைட். Store வைத்ததால் படங்கள் சுருக்கப்படாமல் ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே கிடக்கின்றன, ஆகவே எந்தப் படம் எந்தத் துண்டில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். மொத்தத்தை 1240 ஆல் வகுத்தால் ஒரு படம் சுமார் 50.14 மில்லியன் பைட். 517ஆவது படம் தொடங்குவது ஏறக்குறைய 25.87 பில்லியனில். முதல் 13 துண்டுகள் முடிவது 25.90 பில்லியனில். 676ஆவது படம் முடிவது 33.90 பில்லியனில். 17ஆவது துண்டு முடிவது 33.87 பில்லியனில்.

அதாவது பிழை சரியாக 14ஆம் துண்டின் தலையில் தொடங்கி 17ஆம் துண்டின் வாலில் முடிகிறது. இரண்டு ஓரத்திலும் துண்டின் எல்லையைத் தாண்டிக் கிடக்கும் ஒரு படம் மட்டும் சேர்ந்து கெட்டிருக்கிறது. வழியில் கெட்டுப்போன துண்டு இப்படி இருக்காது. கெட்டால் அந்த இடத்தில் இருக்கும் ஒன்றிரண்டு படங்கள்தான் போகும், பக்கத்துப் படம் திறக்கும். நாலு துண்டுகளில் உள்ள ஒரு படம்கூடத் திறக்கவில்லை என்றால் அந்த நாலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. நாலும் ஒரே அளவு, அதனால் எப்படி மாற்றி அடுக்கினாலும் மொத்தம் மாறாது, 18க்குப் பிறகு உள்ளவை தங்கள் இடத்திலேயே இருக்கும். பெயர்ப் பட்டியல் 7z இல் கடைசியில் இருப்பது, 032 சரியான இடத்தில் இருப்பதால்தான் 1240 பெயரும் தெரிகிறது.

தம்பியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். எந்தக் கட்டளையால் இணைத்தார்? துண்டுகள் எந்த டிஸ்கில் இருந்தன, அதன் Properties இல் File system என்ன காட்டுகிறது?

கொட்டாஞ்சேனைக்காரன் தம்பி, CRC பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. அது ஒவ்வொரு படத்துக்கும் இருக்கிறது, படம் கெட்டது என்று சொல்லிவிடும். எந்தத் துண்டு கெட்டது என்று சொல்லாது. Store ஆக இருந்ததால் கணக்குப் போட முடிந்தது, சுருக்கி இருந்தால் முதல் தவறுக்குப் பிறகு ஒரு பெரிய பகுதியே வாசிக்க முடியாமல் போயிருக்கும், இந்தக் கணக்கும் வந்திருக்காது.

ரொறன்ரோ தம்பி · புதன், காலை 6.30

நான்தான் அந்தத் தம்பி. வணக்கம் சுழியம் அண்ணா. லப்டொப்பில் இடம் காணாது என்பதால் இறங்க இறங்க ஒவ்வொரு துண்டாக வெளி டிஸ்குக்கு மாற்றினேன். அது exFAT. 014 ஒரு தடவை பாதியில் நின்றுவிட்டது, மறுபடி இறக்கி 017க்குப் பிறகுதான் டிஸ்கில் போட்டேன். இணைத்த ஜன்னல் இன்னும் திறந்தே இருக்கிறது, அந்த இடத்தை மட்டும் போடுகிறேன்.

```
copy /b neg.7z.* all.7z
...
neg.7z.013
neg.7z.015
neg.7z.016
neg.7z.017
neg.7z.014
neg.7z.018
...
```

இதை அன்றைக்கே நான் பார்த்திருக்க வேண்டும். 32 வரிகள் ஓடியபோது கடைசி வரியை மட்டும்தான் பார்த்தேன்.

சுழியம் · காலை 7.10

அதுதான். `copy` கட்டளைக்கு நட்சத்திரக் குறி கொடுத்தால் அது பெயரை வரிசைப்படுத்தாது, டிஸ்க் எந்த வரிசையில் பெயர்களைக் கொடுக்கிறதோ அதே வரிசையில் ஒட்டிக்கொண்டு போகும். NTFS டிஸ்க் பெயர்களை அகர வரிசையில் வைத்திருக்கும், அதனால் அங்கே சரியாகவே வரும். exFAT இலும் FAT32 இலும் பெயர்கள் எழுதப்பட்ட வரிசையில் கிடக்கும். இடையில் ஏதாவது அழித்திருந்தால் அந்தக் காலி இடத்தில் புதியது போய் உட்காரும், அப்போது அந்த வரிசையும் நிச்சயமில்லை.

தம்பி, நீங்கள் /b போட்டது நல்லது. போடாமல் இணைத்திருந்தால் அதை எழுத்து ஃபைல் என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டிலும் முதல் 1A பைட் வந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கும். அப்போது அளவு மிகவும் சிறியதாக வந்து தவறு உடனே கண்ணில் பட்டிருக்கும். இங்கே அளவு சரியாக இருந்ததுதான் எல்லாரையும் ஏமாற்றியது.

இப்போது செய்ய வேண்டியது சின்ன வேலை. all.7z ஐ அழித்துவிடுங்கள். இணைக்கவே வேண்டாம். 32 துண்டுகளும் ஒரே ஃபோல்டரில் இருக்க, neg.7z.001 ஐச் செவன்ஸிப்பில் திறந்தால் போதும், மற்றதை அது எண்ணைப் பார்த்துத் தானே எடுத்துக்கொள்ளும். இன்னொரு 62 ஜிபி இடமும் மிச்சம். ஒரே ஃபைலாகத்தான் வேண்டும் என்றால் அதே செவன்ஸிப்பில் Combine Files இருக்கிறது, அதுவும் எண் பார்த்துத்தான் ஒட்டும்.

கொட்டாஞ்சேனைக்காரன் · காலை 8.00

நான் ஐந்தாறு வருடமாக `copy /b` நட்சத்திரம்தான் போடுகிறேன், ஒருநாளும் பிழைத்ததில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் எல்லாமே C டிரைவில் செய்தது, அது NTFS. சரி, அளவு பற்றி நான் சொன்னது பிழை, வாணி அக்கா என் பேச்சைக் கேட்டு மறுபடி ஏற்றியிருந்தால் இரண்டாவது தடவையும் இதேதான் வந்திருக்கும்.

நிலா கொ6 · காலை 8.45

லினக்ஸில் இதற்கு நேர்மாறான பிரச்சினை ஒன்று எனக்கு வந்தது. அங்கே `cat` நட்சத்திரம் போட்டால் ஷெல் பெயர்களை வரிசைப்படுத்தித்தான் கொடுக்கும், அதனால் 001, 002 என்று இருந்தால் பயமில்லை. ஆனால் எனக்குத் துண்டு அனுப்பியவர் கையால் part1, part2 … part12 என்று பெயர் மாற்றி அனுப்பினார். வரிசை part1, part10, part11, part12, part2 என்று போய்விட்டது. அங்கேயும் அளவு சரியாகவே இருந்தது. அன்றிலிருந்து நான் துண்டாக்கும்போதே மூன்று இலக்கம் வைத்து, முழு ஃபைலின் ஹாஷையும் அதே ஓட்டத்தில் எடுத்துவிடுவேன்:

```
tar -cf - neg | tee >(sha256sum > whole.txt) \
  | split -b 1900M -d -a 3 - neg.tar.
```

இப்படிச் செய்தால் நடுவில் பெரிய tar ஃபைல் ஒன்று டிஸ்கில் உருவாவதே இல்லை. வாங்குபவரும் இணைக்காமலே சரிபார்க்கலாம், `cat neg.tar.* | sha256sum` போட்டு whole.txt இல் இருப்பதோடு ஒப்பிட்டால் வரிசையும் உள்ளடக்கமும் சேர்ந்து உறுதியாகிவிடும். இது bash இல் ஓடும், சாதாரண sh இல் அந்த அடைப்புக்குறி வடிவம் வேலை செய்யாது.

இன்னொன்று, எனக்கு வந்த ஒரு துண்டு 9 கேபிதான் இருந்தது. கட்டளை மூலம் இறக்கும்போது வைரஸ் எச்சரிக்கைப் பக்கத்தை அப்படியே துண்டின் பெயரில் சேமித்துவிட்டது. ஆகவே முதலில் அளவுகளைப் பார்ப்பதும் வீண் இல்லை, ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது.

ரொறன்ரோ தம்பி · இரவு 8.10

001 ஐ நேரே திறந்து பிரித்தேன். 517 முதல் 676 வரை எல்லாம் வந்துவிட்டது. அக்காவும் நானும் ஃபோனில் அரை மணி நேரம் படங்களைப் பார்த்துக்கொண்டே கதைத்தோம். ஆனால் neg_0871.tif மட்டும் இன்னும் CRC Failed.

சுழியம் · இரவு 9.00

அதை நான் மறக்கவில்லை, அது வேறு நோய். 871ஆவது படம் ஏறக்குறைய 43.62 பில்லியனில் தொடங்குகிறது, அது 022ஆம் துண்டுக்குள் முழுதாக விழுகிறது. ஒரு படம் மட்டும் போயிருப்பதால் இதுதான் உண்மையில் கெட்ட துண்டு என்று நினைக்கிறேன். ஆனால் கணக்கை நம்பி 2 ஜிபி இறக்க வேண்டாம், ஹாஷ் எடுத்துப் பார்ப்போம். இரண்டு பேரும் அவரவர் ஃபோல்டரில் இதைப் போடுங்கள்:

```
"C:\Program Files\7-Zip\7z.exe" h -scrcSHA256 neg.7z.*
```

துண்டு துண்டாக ஹாஷும் அளவும் பெயரும் வரும். வாணி தன்னுடையதை எழுத்து ஃபைலாகச் சேமித்து அனுப்பட்டும், தம்பி 32 வரிகளையும் ஒப்பிடட்டும். கடைசியில் மொத்தம் என்று ஒரு வரி வரும், அதை இணைத்த ஃபைலின் ஹாஷ் என்று நினைத்துவிட வேண்டாம். அது துண்டுகளின் ஹாஷ்களைக் கூட்டிய எண், துண்டுகள் எந்த வரிசையில் இருந்தாலும் ஒன்றாகவே வரும்.

வெள்ளவத்தை வாணி · இரவு 11.50

போட்டேன். 62 ஜிபியையும் வாசிக்க என்னுடைய பழைய டிஸ்குக்கு இருபது நிமிடத்துக்குமேல் ஆயிற்று. அனுப்பிவிட்டேன்.

ரொறன்ரோ தம்பி · வியாழன், காலை 6.05

31 ஒத்துப்போகின்றன. 022 மட்டும் இல்லை, அளவு ஒன்று, ஹாஷ் வேறு. 014 தான் பாதியில் நின்றது, ஆனால் அது சரியாக இருக்கிறது. 022 ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கியது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

சுழியம் · காலை 7.30

022 ஐ அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டு, அதே இடத்திலிருந்து மறுபடி ஒருதடவை இறக்குங்கள். புதியதன் ஹாஷ் அக்காவுடையதோடு பொருந்தினால் ஏற்றியது சரி, உங்கள் பக்கத்தில்தான் பிழை. பொருந்தாவிட்டால் அக்கா அந்த ஒன்றை மட்டும் ஏற்ற வேண்டிவரும். பழைய 022 இன் ஹாஷை இன்னும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், டிஸ்கைக் கழற்றி மாட்டிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் நினைவகத்தில் இருப்பதையே வாசித்துவிடும். இரண்டு தடவையும் வேறு வேறாக வந்தால் கேபிளையோ டிஸ்கையோ சந்தேகிக்க வேண்டும், அப்போது இது ஒரு துண்டோடு நிற்காது.

தெஹிவளை அங்கிள் · காலை 9.15

எல்லாவற்றையும் வாசித்துவிட்டு மறுபடி சொல்கிறேன், நான் முதலில் கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன், ஆனாலும் என் யோசனை அப்படியொன்றும் மோசமில்லை என்று நினைக்கிறேன். 38 படங்களை ஒரு ஸிப்பாகக் கட்டினால் 1.9 ஜிபி சொச்சம். 1240 படங்களுக்கு 33 ஸிப். ஒவ்வொன்றும் தனியாகத் திறக்கும், இணைக்கும் வேலையே இல்லை, வரிசை மாறினாலும் கவலை இல்லை, ஒன்று தொலைந்தால் 38 படங்களோடு போயிற்று.

சுழியம் · காலை 9.50

அங்கிள், இந்தப் படங்களுக்கு நீங்கள் சொல்வது நல்ல வழிதான், நானும் அதையே செய்திருப்பேன். ஒரே ஃபைல் 40 ஜிபி என்றால், ஒரு வீடியோ அல்லது டேட்டாபேஸ் பிரதி என்றால், அது முடியாது, அங்கே வெட்டத்தான் வேண்டும். ஆனால் தனித்தனி ஸிப் என்றாலும் ஹாஷ் பட்டியல் வேண்டும். 33இல் 32தான் போய்ச் சேர்ந்தது என்பதை எந்த ஸிப்பும் தானாகச் சொல்லாது. துண்டாக வெட்டியதில் ஒன்று குறைந்தால் உடனே சத்தம் போடும்.

நிலா கொ6 · காலை 10.30

par2 பற்றி யாரும் சொல்லவில்லையே. துண்டுகளோடு 5% மீட்புத் தரவு சேர்த்தால் இந்த 62 ஜிபிக்கு 3.1 ஜிபி கூடும், அதைக்கொண்டு ஒரு முழுத் துண்டே காணாமல் போனாலும் தம்பி தன் பக்கத்திலேயே மீட்டிருப்பார், அக்காவைக் கேட்கவே வேண்டியதில்லை. 3% என்றால் 1.87 ஜிபி, ஒரு துண்டைவிடக் குறைவு, முழுத் துண்டு போனால் போதாது.

கொட்டாஞ்சேனைக்காரன் · காலை 11.00

3.1 ஜிபி கூட ஏற்றுவதைவிடக் கெட்ட ஒரு துண்டை மறுபடி ஏற்றுவது 2 ஜிபிதானே? இரவு டேட்டாவை எண்ணிப் பாவிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரிவராது.

நிலா கொ6 · காலை 11.20

அக்காவின் டிஸ்க் இருக்கும்வரை நீங்கள் சொல்வது சரி. அவரே முதல் பதிவில் எழுதியிருக்கிறார், ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் என்று. அது போனபிறகு 022 ஐ யாரிடம் கேட்பது?

கொட்டாஞ்சேனைக்காரன் · காலை 11.40

அந்த 3.1 ஜிபியும் அதே டிஸ்கில் இருந்தால் என்ன பயன்? நீங்கள் சொல்வது தம்பியிடம் இருந்தால்தான் உதவும். சரி, யோசிக்கிறேன். இன்னும் எனக்கு முழுதாக ஒத்துவரவில்லை.

ரொறன்ரோ தம்பி · இரவு 9.25

புதிய 022 இன் ஹாஷ் அக்காவுடையதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. பழையதை டிஸ்கைக் கழற்றி மாட்டி இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் அதே பிழையான ஹாஷ். ஆகவே வாசிப்பதில் பிழை இல்லை, எழுதும்போதே பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. லப்டொப்பில் இருந்த பிரதியை அன்றைக்கே அழித்துவிட்டேன், அதனால் இறங்கும்போது கெட்டதா, வெளி டிஸ்குக்கு மாற்றும்போது கெட்டதா என்று இனிச் சொல்ல முடியாது.

neg_0871.tif திறந்துவிட்டது. அக்கா, அது அம்மாவும் பெரியம்மாவும் காலிமுகத்திடலில் நிற்கும் படம்.

சுழியம் · இரவு 9.40

நல்லது. அந்த வெளி டிஸ்கை மட்டும் இன்னும் முழுதாக நம்ப வேண்டாம். பிரித்தெடுத்த 1240 படங்களுக்கும் இதே கட்டளையில் neg.7z.* என்பதற்குப் பதிலாக *.tif என்று போட்டு ஒரு ஹாஷ் பட்டியல் எடுத்து அக்காவுக்கு அனுப்புங்கள், அவர் மூலப் படங்களோடு ஒப்பிடட்டும். துண்டுகள் வெறும் வண்டிதான், கடைசியில் ஒத்துப்போக வேண்டியது படங்கள். அது முடியும்வரை வாணி இங்கே உள்ள 32 துண்டுகளையும் அழிக்கக்கூடாது.

வெள்ளவத்தை வாணி · இரவு 10.15

அழிக்க மாட்டேன் அண்ணா. தம்பி பட்டியலை அனுப்பியதும் நாளை இரவு ஒப்பிட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன். 0871 ஐ ஸ்கேன் செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது, நெகட்டிவில் பூஞ்சை பிடித்திருந்தது, துடைக்கவே இரண்டு மணி நேரம் எடுத்தேன்.